மூன்றாவது கேள்வி

ஹென்றி சாப்பிட்டுக்கொண்டே வலது காதை அவள் பக்கம் நீட்டினான்.

"வாசி, கேப்போம்" என்றான்.

விஜிலா போனைப் பார்த்து வாசித்தாள். "மதிப்பிற்குரிய மேடம், நேற்று ஒரு நாள் முழுவதும் உங்கள் அருகில் இருந்து பார்க்க அனுமதித்ததற்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்…"

"ஏளா, கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கிறாப்புல இருக்கு. 'இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள்'னு கடைசியில சேத்துக்கோ."

"சாப்பிடுங்க பேசாம."

சாளைமீனின் முள்ளை நாக்கின் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டு அவன் சிரித்தான். அவனுக்கு இடது காது கேட்காது. ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தபோது போனது. கல்யாணமான புதிதில் இடப்பக்கம் உட்கார்ந்து அவள் சொன்ன ரகசியங்கள் எல்லாம் வீணாய்ப் போயின. பிறகு அவளாகவே வலப்பக்கம் மாறிக்கொண்டாள். பாயிலும் வலப்பக்கம், பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் தலை வலப்பக்கம், பூசைக்கு நடந்து போகும்போதும் வலப்பக்கம்.

அவள் புன்னைக்காயலில் சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். வருஷத் தொடக்கத்தில் தூத்துக்குடியிலிருந்து இந்துமதி என்கிற ஆடியாலஜிஸ்ட் வந்து பிள்ளைகளுக்குக் காது பரிசோதனை செய்தாள். அவள் சின்ன மணியை ஆட்டுவதையும், திரும்பாத பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து மறுபடி ஆட்டுவதையும் விஜிலா நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் சாமான்களைக் காரில் ஏற்ற உதவியபோது, இதைப் படிக்க வேண்டுமென்றால் என்ன செய்யணும் என்று கேட்டுவிட்டாள். ப்ளஸ் டூவில் சயின்ஸ் எடுத்தவர்களுக்கு ஒரு வருஷ டிப்ளமோ இருக்கிறது என்று இந்துமதி சொன்னாள். "ஆனா சேர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் கிளினிக் வந்து உக்காந்து பாருங்க. நிறையப் பேருக்கு இந்த வேலை வெளியில இருந்து பாக்கத்தான் பிடிக்கும்."

அப்படித்தான் போய் உட்கார்ந்தாள். மூலையில் ஒரு ஸ்டூல். போனை அணைத்துவிட வேண்டும். உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும், "இவங்க என் வேலையைப் பாத்துப் படிக்க வந்திருக்காங்க, இருக்கலாமா?" என்று இந்துமதி கேட்டாள். ஒரு அம்மா வேண்டாம் என்றதும் விஜிலா எழுந்து வெளியே போய் நின்றாள். சாயங்காலம் கிளம்பும்போது இந்துமதி சொன்னாள்: "ஒரு வாரத்துக்குள்ள எழுதி அனுப்புங்க. நன்றி மட்டும் எழுதினா பத்தாது. என்ன பாத்தீங்க, என்ன புரியல, மூணு கேள்வியாவது வேணும். அதைப் படிச்சிட்டு இரண்டாவது நாள் வரச் சொல்றேனா இல்லையான்னு சொல்லுவேன். இரண்டு நாளும் பாத்தவங்களுக்குத்தான் காலேஜுக்கு என் பேர்ல எழுதிக் கொடுப்பேன்."

"யாராரு வந்தா? நம்மூரு ஆளு உண்டா?" என்று ஹென்றி கேட்டான்.

"அதைச் சொல்லக் கூடாது."

"எங்கிட்டயுமா?"

"உங்ககிட்டதான் முதல்ல சொல்லக் கூடாது. நீங்க ரகசியம் பேசினா ஏலக்கூடம் பூரா கேக்கும்."

"சரி, கேள்வியை வாசி."

முதல் கேள்வி, கைக்குழந்தையின் காதுக்கு அச்சு எடுத்துச் செய்த, காது மெஷினைப் பொருத்துகிற மோல்டை ஏன் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாகச் செய்ய வேண்டும் என்பது. "புள்ள வளந்தா காதும் வளரும்லா, இதைப் போயி கேப்பியா?" என்றான் ஹென்றி. இரண்டாவது, சத்தம் கேட்கும்போது பட்டனை அழுத்தச் சொல்லிப் பரிசோதிக்கையில், மெஷினில் இருக்கும் கை தெரியாதபடி ஏன் ஆளை உட்கார வைக்கிறார்கள் என்பது. "கையைப் பாத்து அழுத்திப்புடுவான். நானா இருந்தா அதைத்தான் செய்வேன்" என்றான். "மூணாவது?"

"அது இன்னும் சரியா எழுதல."

எழுதியிருந்தாள். ஆனால் அவனிடம் வாசிக்க மனசு வரவில்லை. முந்தின நாள் கிளினிக்கில் காத்திருந்தவர்களில் ஒருவருக்கு ஒற்றைக் காதுதான் கேட்கும். வரவேற்பில் இருக்கும் சண்முகப்ரியா அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் எழுந்து வாசலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், ஃபேனைக்கூடப் பார்த்தார். மூன்றடி தள்ளி நின்று கூப்பிட்ட சண்முகப்ரியாவைக் கடைசியில்தான் பார்த்தார். விஜிலாவுக்குச் சுரீரென்றது. ஹென்றியும் அப்படித்தான். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் வாசலுக்குப் போவான். திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி முழிக்காதீர்கள் என்று எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாள்! அதனால் மூன்றாவது கேள்வியை இப்படி எழுதியிருந்தாள்: ஒரு காது மட்டும் கேட்பவர்களுக்குச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியுமா?

"சரி, இப்ப அனுப்பாத" என்றான் ஹென்றி.

"ஏன்?"

"ஒரு நாள் முழுக்கப் பக்கத்துல உக்கார வச்சிருக்காங்க, மத்தியானம் சோறு போட்டிருக்காங்க. வெறும் வார்த்தையை போன்ல அனுப்புவாளா ஒருத்தி? நாளைக்கு நல்ல சீலா விழுந்தா ஒண்ணு எடுத்துத் தாரேன். மீன் பஸ் ஏறினதும் இதை அனுப்பு. அவங்க மீன் சாப்பிடுவாங்கள்லா?"

விஜிலா யோசித்தாள். "தெரியல. நேத்து தயிர்சாதம் சாப்பிட்டாங்க."

"நாள் பூரா உக்காந்து எதைத்தான் பாத்தியோ!" என்று சொல்லிக் கை கழுவ எழுந்தான்.

செய்தி போனிலேயே இருந்தது.

மறுநாள் காலையில் கரைக்கு வந்த ஐஸ் லாரி, ஹென்றி நின்ற பக்கமாகப் பின்னால் நகர்ந்தது. டிரைவர் ஹார்ன் அடித்தான். வள்ளத்திலிருந்து கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கத்தினார்கள். ஹென்றிக்கும் கேட்டது. கேட்டுத் திரும்பினான்.

சாவு வீட்டில் துட்டி கேட்க வந்தவர்கள் அதையே சொன்னார்கள். ஹென்றியோடு ஒரே வள்ளத்தில் போகிற மனுவேல், முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்து வருகிற ஆட்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "அம்புட்டுப் பேரும் கத்துனோம்யா. அவனும் சட்டுன்னு திரும்பினான். லாரிக்கு எதிர்ப்பக்கம், கடலைப் பாத்துத் திரும்பினான். லாரி அந்தப் பக்கம் இருந்து வருதுன்னு நெனச்சானா, என்னன்னு தெரியலயே."

உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த விஜிலாவுக்கு ஒவ்வொரு தடவையும் அது கேட்டது. ஏன் கடலைப் பார்த்தான் என்று மனுவேலுக்குத்தான் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. அல்லது தெரிந்திருக்குமோ என்று பயமாக இருந்தது. கேள்வி போனில் இருந்தது. அந்த ராத்திரியே அனுப்பியிருந்தால் பதில் வந்திருக்கும். பதில் வந்திருந்தால், லாரி நிற்கிற பக்கம் போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். அவனும் சிரித்துவிட்டு, போனால் போகட்டும் என்று கொஞ்சம் தள்ளி நின்றிருப்பான்.

ஒரு வாரம் கழித்து இந்துமதியிடமிருந்து செய்தி வந்தது. "விஜிலா, உங்கள் கேள்விகள் வரவில்லை. விருப்பம் இல்லையென்றால் சொல்லிவிடுங்கள். வருத்தம் ஏதும் இல்லை."

அவள் அதைப் பார்த்தாள். கீழே, தான் எழுதி அனுப்பாமல் விட்டது அப்படியே நின்றது. போனைக் கவிழ்த்து வைத்தாள். என்ன பதில் போட? விருப்பம் இல்லை என்று போட்டால் அது பொய். கேள்விகளை அனுப்பினால் மூன்றாவதற்கும் பதில் வந்துவிடும்.

முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின வாரம், மாமியார் பிலோமி அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். மகன் போனபிறகு அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தாள். பேசினால் வேலையைப் பற்றித்தான் பேசுவாள்.

"மாதா கோயிலுக்கு அவன் நேந்திருந்த மெழுகுதிரியைக் கொளுத்தியாச்சு. ஜாய்சன்ட்ட வாங்கின வலையைக் கொடுத்தாச்சு. வேற ஒண்ணு நிக்குதுளா."

"என்ன மாமி?"

"மீனு. காலையில போகும்போது சொல்லிட்டுத்தான் போனான். 'யம்மா, சீலா நல்லதா விழுந்தா ஒண்ணை ஒதுக்கி வையி, காது டாக்டரம்மாவுக்கு'ன்னு. பூசைக்கு முன்னாடி அதையும் முடிச்சிரணும். போனவன் தலையில நேர்ச்சை நிக்கப் படாது."

"அது நேர்ச்சை இல்லையே மாமி. சும்மா சொன்னாரு."

"சும்மா சொல்ல அவனுக்குத் தெரியாது. நாளைக்குக் கரைக்குப் போறேன். நீயும் கிளம்பு."

"பூசை முடியாம நான் எப்படி வெளிய வர? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு ஐஸ் பெட்டியைத் தூக்கிட்டு வருமா? நீதான் தூக்கணும்."

பஸ்ஸில் பெட்டியை இருவர் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்கள். கண்டக்டர் மூக்கைத் திருப்பினான். "ஆத்தா, மீனுக்கும் டிக்கெட்டா?" என்றான்.

"ஏலே, அது ஒங்க பஸ்ஸை விட வேகமாப் போன மீனு. நீதான் அதுக்கு டிக்கெட்டு கொடுக்கணும்" என்றாள் பிலோமி. மகன் போனபிறகு அவள் இப்படிப் பேசி விஜிலா அன்றுதான் கேட்டாள்.

உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாய்ப் பின்னால் போயின. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரியத் தொடங்கின. மீனைக் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிவிட வேண்டும் என்று விஜிலா நினைத்துக்கொண்டாள்.

கிளினிக்கில் கூட்டம் குறைவாக இருந்தது. சண்முகப்ரியா அவளைப் பார்த்ததும் சிரித்தாள். பிறகு கழுத்தைப் பார்த்தாள், கறுப்புச் சேலையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்ச் சொன்னாள்.

இந்துமதி வெளியே வந்தாள். ஐம்பதைத் தொடும் வயது. மூக்குக்கண்ணாடி எப்போதும் தலையில்தான் இருக்கும். "எப்போ?" என்று மட்டும் கேட்டாள்.

"நான் இங்க வந்துட்டுப் போனேன்ல, அதுக்கு மறுநாள் கழிச்சு."

"ஐயோ. தெரியாம நான் வேற மெசேஜ் போட்டேனே!" இந்துமதி அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். பிலோமியும் பெட்டியோடு பின்னால் வந்தாள். அந்த மூலை ஸ்டூல் அங்கேயே இருந்தது. விஜிலா பழக்கத்தில் அதில் போய் உட்கார்ந்தாள். போனை அணைத்தாள்.

"எதுக்கு அணைக்கிறீங்க? இன்னிக்கு நீங்க பாக்க வரல."

விஜிலா அதை மறுபடி ஆன் செய்தாள். திரை வெளிச்சம் வந்ததும் விரல் அந்தச் செய்தியைத் திறந்தது. வாசலோடு திரும்பிவிடலாம் என்று நினைத்தவள் போனை இந்துமதியிடம் நீட்டினாள். "எழுதினேன் மேடம். அனுப்பல."

இந்துமதி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு படித்தாள். முதலாவதற்குத் தலையாட்டினாள். இரண்டாவதற்கும். மூன்றாவதில் நின்றாள்.

"இது நல்ல கேள்வி. அன்னிக்கு வந்த அவரைப் பாத்துக் கேட்டீங்களா?"

"அவரைப் பாத்துட்டு, எங்க வீட்டுல உள்ளவரை நினைச்சு. அவருக்கு இடது காது கேக்காது." விஜிலா தரையைப் பார்த்தபடியே சொன்னாள். வீட்டில் கூப்பிட்டால் அவன் நாலு பக்கமும் பார்ப்பது, லாரி, ஹார்ன், எல்லோரும் கத்தியது, அவன் கடலைப் பார்த்துத் திரும்பியது. சொல்லி முடித்ததும், "தெரியுமா மேடம் அவங்களுக்கு? எந்தப் பக்கம்னு?" என்று கேட்டாள்.

இந்துமதி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"பொய் சொல்லமாட்டேன், விஜிலா. தெரியாது. ஒரு சத்தம் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்துல போறதில்ல. ஒண்ணுக்குக் கொஞ்சம் முன்னாடி, கொஞ்சம் பெலமா போகும். அந்த வித்தியாசத்தை வச்சுத்தான் மூளை பக்கம் கண்டுபிடிக்கும். ஒரு காதுதான்னா ஒப்பிட்டுப் பாக்க இன்னொண்ணு இல்ல. எல்லாச் சத்தமும் கேக்குற காதுப் பக்கம் இருந்து வர்ற மாதிரிதான் இருக்கும்."

வலது காது. கடல் அவனுக்கு வலப்பக்கம் இருந்திருக்கும். விஜிலா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அன்னிக்கே இதை அனுப்பியிருந்தேன்னா…"

"அனுப்பியிருந்தா இதையேதான் நானும் எழுதியிருப்பேன். நீங்க அவர்ட்ட சொல்லியிருப்பீங்க. அவர் என்ன சொல்லியிருப்பாரு?"

விஜிலாவுக்கு அது கேட்டது. அவன் குரலிலேயே கேட்டது. "எனக்குத் தெரியாததா இது? ஆறு வயசுல இருந்து நான்தானளா சுமக்குறேன்."

"அவருக்கு அது தெரியும்" என்றாள் இந்துமதி. "பேரு தெரியாம இருக்கலாம், காரணம் தெரியாம இருக்கலாம். ஆனா கூப்பிட்டா நாலு பக்கமும் பாப்பாருன்னீங்களே, அது தெரிஞ்சதால செய்யிறது. வாழ்க்கை முழுக்க அப்படிப் பாத்துப் பாத்துத்தான் தப்பிச்சிருக்காரு. அன்னிக்குப் பாக்க நேரம் கிடைக்கல, அவ்வளவுதான்."

"மெஷின் வச்சிருந்தா?"

"கேக்காத பக்கத்துச் சத்தத்தை வாங்கி, கேக்குற காதுக்கு அனுப்புற மெஷின் இருக்கு. பேச்சு கேக்க உதவும். ஆனா பக்கம் சொல்லாது. கேக்குறது அப்பவும் ஒரே காதுதான். நான் இங்க வச்சிருக்கிற எதாலயும் அன்னிக்கு அவருக்கு அதைக் கொடுத்திருக்க முடியாது."

இதுவரை வாயைத் திறக்காத பிலோமி, பெட்டியின் மேல் வைத்த கையை எடுக்காமலே கேட்டாள்.

"டாக்டரம்மா, எனக்கும் ஒண்ணு கேக்கணும்."

"நான் டாக்டர் இல்ல ஆச்சி. கேளுங்க."

"அவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தப்ப மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் போட்டுட்டு வீட்டுலயே வச்சிருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகல. மழை. அவுக அப்பா கடலுக்குப் போயிருந்தாக. கொண்டுபோயிருந்தா காது நின்னுருக்குமா?"

விஜிலா மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இதை அவள் யாரிடமும் கேட்டு விஜிலா கேட்டதில்லை.

"நின்னுருக்காது" என்றாள் இந்துமதி. இந்தத் தடவை யோசிக்கவே இல்லை. "அந்தக் காய்ச்சல் காதைத் தொட்டா சட்டுன்னு போயிரும். இன்னிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனாலும் போன காதைத் திருப்பிக் கொண்டுவர மருந்து இல்ல. நீங்க செஞ்சதால போகல."

பிலோமி மூக்கை உறிஞ்சினாள். பெட்டியை முன்னால் தள்ளினாள்.

"இது எம்மவன் சொன்ன சீலா. காலையில வந்தது. கண்ணைப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு."

இந்துமதியின் முகம் மாறியது. "ஆச்சி, தப்பா நினைக்காதீங்க. வேலையைப் பாத்துப் படிக்க வர்றவங்ககிட்ட நான் எதுவும் வாங்குறதில்ல. இவங்களுக்கு நான் காலேஜுக்கு எழுதிக் கொடுக்கணும். மீனை வாங்கிட்டு எழுதினா நல்லா இருக்காது."

"அப்ப முதல்ல எழுதுங்க. ஐஸு உருகறதுக்குள்ள முடிச்சிருங்க."

இந்துமதி சிரித்துவிட்டாள். கதவுக்கு வெளியே சண்முகப்ரியாவும் சிரிப்பது கேட்டது. "அது முடியாது ஆச்சி. இன்னும் இரண்டாவது நாள் பாக்கலயே."

"மீன் சாப்பிடுவியளா, அதைச் சொல்லுங்க மொதல்ல."

"சாப்பிடுவேன். அன்னிக்கு விரதம்."

"தயிர்சாதம்" என்றாள் விஜிலா. அவளை அறியாமல் வந்தது. "அவர் கேட்டாரு. சாப்பிடுவாங்களான்னு பாத்தியான்னு."

இந்துமதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தாள். "வீட்டுக்குப் போய் இதை அனுப்புங்க. ஒரு எழுத்தும் மாத்த வேண்டாம். பூசை எல்லாம் முடிஞ்சு, மனசு சரின்னு பட்டா வியாழக்கிழமை வாங்க. அன்னிக்கு மூணு குழந்தைகளுக்கு மோல்ட் அச்சு எடுக்கணும். குழந்தையை மடியில பிடிச்சுக்க ஆள் வேணும். இந்தத் தடவை ஸ்டூல்ல உக்காரக் கிடைக்காது."

பெட்டி திரும்பிப் போயிற்று. பஸ்ஸில் பிலோமி அதன் மேலேயே கை வைத்திருந்தாள். ஆத்தூர் தாண்டியதும், "வாங்கமாட்டேன்னுட்டாளே" என்றாள். ஆற்றுப் பாலம் தாண்டியதும், "ஆனா மத்தியானச் சோத்தை எல்லாரும் சேந்துதானே சாப்பிடுதாக, அங்க?" என்று கேட்டாள்.

"ஆமா மாமி. பின்னாடி ரூம்ல."

"அப்ப சரி."

அன்று ராத்திரி விஜிலா செய்தியை அனுப்பினாள். ஓலை வாசிக்கிற மாதிரியே இருந்தது. மாற்றவில்லை.

பூசை முடிந்து வந்த வியாழக்கிழமை, பிலோமி விடியலிலேயே எழுந்து சீலாவைக் குழம்பு வைத்தாள். வேறு சீலா, ஆனால் அதே அளவு பார்த்து வாங்கியது. நான்கு அடுக்குத் தூக்கு. விஜிலா ஒருத்திக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்கவில்லை.

அன்று மூன்றாவதாக வந்த குழந்தை வீரிட்டு அழுதது. விஜிலா அதை மடியில் வைத்து, தலையைத் தன் மார்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். இந்துமதி முதலில் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். பிறகு நூல் கட்டிய சின்னப் பஞ்சை உள்ளே வைத்து, அதற்குமேல் குழைந்த பசையை மெல்ல நிரப்பினாள். அது இறுகும்வரை அசையக் கூடாது. விஜிலா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி மெல்லத் தாலாட்டுப் பாடினாள். காது கேட்காத குழந்தைக்கு எதற்குத் தாலாட்டு என்று யாரும் கேட்கவில்லை. மார்பின் அதிர்வு அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். அழுகை ஓய்ந்தது. இறுகிய அச்சை வெளியே எடுத்தபோது குட்டிச் சிப்பி மாதிரி இருந்தது.

மத்தியானம் பின்னறையில் தூக்கைத் திறந்தார்கள். இந்துமதி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பிலோமி ஊர் முனையில் காத்துக்கொண்டிருந்தாள். காலித் தூக்கை வாங்கி ஆட்டிப் பார்த்தாள். "என்ன சொன்னா?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லல. இரண்டு துண்டு சாப்பிட்டாங்க."

பிலோமி தலையாட்டினாள். அவ்வளவு போதும் என்பதுபோல. கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. இருவரும் வீட்டைப் பார்த்து நடந்தார்கள்.

பிலோமிக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். விஜிலா அவளுக்கு வலப்பக்கமாகவே நடந்துபோனாள்.